‘குடி’ என்ற சொல்லும் ஆறு வயதுக் குழந்தையும்

தமிழ்க் குழந்தை பேசத் தொடங்கியதும் கற்கும் வினைச்சொற்களில் ஒன்று ‘குடி’. பால் குடி, தண்ணீர் குடி, மருந்து குடி என்று நாளெல்லாம் அதன் காதில் விழும் கட்டளை அது. தந்தையைக் குறித்து, “குடிச்சிட்டு வந்திருக்காரு” என்று வீட்டில் யாரேனும் தாழ்ந்த குரலில் சொல்லும்போதும் அதே சொல்தான் வருகிறது. தெருவில் பெரியவர்கள் “தண்ணி போட்டிருக்கான்” என்கிறார்கள். கன்னடத்திலும் குடிப்பதற்குக் ‘குடி’ என்றே பெயராதலால், பெங்களூரில் வளரும் தமிழ்க் குழந்தைக்குப் பள்ளி மொழியும் இதில் கைகொடுப்பதில்லை. தானும் நாள்தோறும் குடிக்கிற ஒன்றைத் தந்தை குடித்தால் மட்டும் வீடு ஏன் அஞ்சுகிறது என்பது அக்குழந்தைக்கு விளங்காத புதிராகவே இருக்கிறது. பெற்றோர் ஒருவரின் மிகுகுடியைச் சிறு குழந்தைக்கு விளக்கப் புகுவோர் முதலில் எதிர்கொள்ளும் இடர் இதுதான். மொழியே இங்கு மங்கலாக இருக்கிறது.

திருக்குறளின் 93ஆம் அதிகாரமான ‘கள்ளுண்ணாமை’ குடிப்பவனின் தாயைப் பேசுகிறது. சான்றோரையும் சிரிக்கும் ஊராரையும் பேசுகிறது. குடிப்பவனின் குழந்தை அந்தப் பத்துக் குறள்களிலும் வருவதில்லை. இன்றைய குடும்பப் பேச்சிலும் அக்குழந்தை பெரும்பாலும் இல்லை. மத்திய சமூகநீதித் துறைக்காக தில்லி எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளிவந்த நாடளாவிய ஆய்வு, மதுவால் உதவி தேவைப்படும் நிலையில் இருப்போர் ஏறத்தாழ 5.7 கோடி என்று கணக்கிட்டது. இவர்களில் பலர் பெற்றோர். அவர்களுடைய வீடுகளில் “குழந்தைக்கு என்ன தெரியும்” என்ற நம்பிக்கை உறுதியாக நிலவுகிறது. ஆனால் பாட்டில் எந்த அலமாரியின் பின்னே இருக்கிறது என்பதை அவ்வீடுகளில் முதலில் அறிந்திருப்பது பெரும்பாலும் குழந்தைதான்.

பெங்களூரின் தமிழர் மிகுந்த பகுதியொன்றில் வாழும் குடும்பம் அது. தந்தை இருசக்கர வாகனம் பழுதுபார்க்கும் சிறு பட்டறை வைத்திருக்கிறார். தாய் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலைக்குப் போகிறாள். தந்தையின் தாயும் உடன் இருக்கிறாள். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரே மகள். தந்தை எட்டு ஆண்டுகளாகக் குடிப்பவர். அவற்றுள் கடைசி இரண்டு ஆண்டுகள் விடிந்ததும் கைநடுக்கம் தீரக் குடித்தாக வேண்டிய நிலையில் இருந்தார். கர்நாடகத்தில் மலிவு விலை மது 90, 180 மில்லி அட்டைப் பைகளிலும் விற்கப்படுகிறது. மகளின் பள்ளிப் பையில் இருக்கும் மாம்பழச் சாற்றுப் பை எப்படி இருக்குமோ அப்படித்தான் அதுவும் இருக்கும். குழந்தை கேட்டபோதெல்லாம் பாட்டி சொன்ன விடை ஒன்றுதான்: “அப்பாவுக்கு உடம்பு சரியில்ல, போய் விளையாடு.”

சிறுமிக்கு ஆறு வயது நிறைந்த ஞாயிற்றுக்கிழமை அன்று, அவளாகவே, “இனிமே குடிக்காதேப்பா” என்று கேட்டாள். பாட்டி மகனின் கையைப் பிடித்துப் பேத்தியின் தலையில் வைத்து, சத்தியம் செய்யச் சொன்னாள். அவரும் செய்தார். அன்றிரவு கடைசியாகக் குடித்தவர் திங்களன்று தொடவேயில்லை. அன்று மாலை கைகள் நடுங்கின, வியர்த்தது, உறக்கம் பிடிக்கவில்லை. செவ்வாய் விடியலில் வலிப்பு வந்து கட்டிலிலிருந்து விழுந்தார். சத்தம் கேட்டு முதலில் எழுந்தவள் சிறுமி.

மருத்துவம் அறிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. நெடுநாள் நாள்தோறும் மிகுதியாகக் குடித்த உடலில், மூளை மதுவின் அமுக்கத்தை எதிர்த்து எப்போதும் முறுக்கேறிய நிலையில் வேலை செய்யப் பழகியிருக்கிறது. மதுவைத் திடீரென்று நிறுத்தினால் அமுக்கம் விலகிவிடும். முறுக்கு மட்டும் எஞ்சும். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்குகின்றன. சிலருக்கு 6 மணி முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வருகிறது. வேறு சிலருக்கு இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள், நாளும் இடமும் தெரியாத பிதற்றல் நிலை வந்து உயிருக்கே ஆபத்தாகிறது. ஆகவே இத்தகையவர் குடியை நிறுத்துவது மருத்துவர் கண்காணிப்பில், உரிய மருந்தோடும் தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்தோடும் நடக்க வேண்டியது. தலையில் அடித்த சத்தியத்தை மட்டும் நம்பி வீட்டில் செய்து பார்க்கக்கூடியதன்று. இவருக்கும் அரசு மருத்துவமனையில் பத்து நாள் சிகிச்சை நடந்தது.

அவர் வீடு திரும்பிய இரண்டாம் நாள் மாலை, களைப்பில் படுத்திருந்தார். சிறுமி சமையலறைக்குச் சென்று, அரிசி டிரம்மின் பின்னிருந்து ஓர் அட்டைப் பையை எடுத்து வந்தாள். தந்தை என்றோ ஒளித்துவைத்து மறந்தது அது. அதை அவருடைய கையில் வைத்து, “இதக் குடிச்சுக்கோப்பா. அப்புறம் கீழே விழ மாட்ட” என்றாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தாய் வந்து பையை வாங்கிச் சென்றாள். யாரும் அவளைத் திட்டவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவுமில்லை.

குழந்தையின் தருக்கத்தில் பிழை அதிகமில்லை. தந்தை குடித்த நாள்களில் விழவில்லை. தான் கேட்டதால் குடியை நிறுத்தினார், விழுந்தார். எனவே குடித்தால் விழமாட்டார். மருந்தியல் நோக்கிலும் இது முற்றும் பொய்யன்று. மீண்டும் குடித்தால் நடுக்கம் அப்போதைக்கு அடங்கத்தான் செய்யும். ஏறத்தாழ ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை உலக நிகழ்ச்சிகளைத் தன்னை நடுவில் வைத்தே காரணப்படுத்துகிறது என்று ழான் பியாஜே முதலிய உளவியலார் விளக்கியிருக்கிறார்கள். பெரியவர்கள் காரணம் சொல்லாமல் விட்ட இடத்தைக் குழந்தை வெறுமையாக விடுவதில்லை. தன்னைக் காரணமாக அங்கே வைத்து நிரப்பிக்கொள்கிறது. வாய்மூடி இருத்தல் குழந்தையைக் காப்பதில்லை என்பதற்கு அந்த அட்டைப் பையே சான்றாக இருந்தது.

மறுவாரம் மருத்துவமனைக்குச் சென்றபோது தாய் இதை அங்கிருந்த உளநலச் சமூகப் பணியாளரிடம் சொன்னாள். “என்ன சொல்லிப் புரிய வைக்கறதுன்னு தெரியல மேடம்” என்றாள். அவர் உடனே விடை தரவில்லை. “அவளுக்கு இப்போ என்ன தெரியும்னு முதல்ல தெரிஞ்சுக்குங்க. மூணு நாள் நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். அவ என்ன விளையாடறா, என்ன கேக்கறா, எதப் பாத்துப் பயப்படறான்னு மட்டும் கவனியுங்க” என்றார். தாய் கவனித்தாள். சிறுமி பொம்மைக்குத் தைலம் தேய்த்து, “உடம்பு சரியில்ல, சத்தம் போடாதீங்க” என்று மற்றப் பொம்மைகளை அதட்டினாள். தனக்கு ஒரு நாள் இலேசான சளி பிடித்தபோது, “எனக்கு உடம்பு சரியில்லன்னு மிஸ்கிட்ட சொல்லாதே” என்று கெஞ்சினாள். இரவில் தந்தையின் வண்டிச் சத்தம் கேட்டதும் கண்களை இறுக மூடி உறங்குவதுபோல் கிடந்தாள். பாட்டியின் ‘உடம்பு சரியில்லை’ குழந்தைக்குள் என்ன ஆகியிருந்தது என்பது தாய்க்கு அப்போது புலப்பட்டது. தன் சளியும் தந்தையின் குடியும் அவளுக்கு ஒரே பெயருடைய ஒரே பொருளாகிவிட்டிருந்தன.

அதன்பின் சொற்களைத் தேர்ந்தார்கள். ‘கெட்ட பழக்கம்’ என்ற சொல்லைப் பணியாளர் விலக்கினார். நகம் கடிப்பதையும் கெட்ட பழக்கம் என்றே குழந்தை கேட்டிருக்கிறது. நகம் கடிப்பவள் நிறுத்திவிட்டால் தந்தையும் நிறுத்தலாமே, தன்மேல் அன்பிருந்தால் நிறுத்துவாரே என்று அது எண்ணும். ‘நோய்’ என்று மட்டும் சொல்வதும் போதாது. காய்ச்சல்போல் ஒட்டுமோ, மருந்து கொடுத்தால் நாளைக்கே போய்விடுமோ என்ற எண்ணங்கள் பின்தொடரும். ஆகவே நோய்க்குத் தனிப்பெயர் வேண்டும். மருத்துவர்களும் மீண்டவர்களும் தமிழில் வழங்கும் ‘குடிநோய்’ என்ற சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். அந்தத் திரவத்துக்கும் பாலோடும் தண்ணீரோடும் பங்கு போடாத பெயர் வேண்டும். ‘மது’ ஏட்டுச் சொல். வீட்டிலும் தெருவிலும் எல்லா வகைக்கும் ‘பிராந்தி’ என்றே சொல்வது வழக்கமாதலால் அதையே வைத்துக்கொண்டார்கள்.

காலமும் இடமும் அடுத்தவை. தந்தை குடித்திருக்கும் வேளையிலோ, சண்டை நடந்த இரவிலோ, உறங்கப் போகும் முன்போ இதைப் பேசலாகாது. முன்னிரண்டு வேளைகளில் குழந்தையின் உடலே அச்சத்தில் இருக்கும். மூன்றாவதில் அச்சத்தோடு தனியே கிடக்கும். முகத்துக்கு முகம் அமர்ந்து “உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்று தொடங்கினால் தான் ஏதோ தவறு செய்துவிட்டதாகக் குழந்தை நினைக்கும். அது மார்கழி, அவரைக்கொட்டைக் காலம். ஞாயிறு காலை தாயும் மகளும் ஊறவைத்த கொட்டைகளை ஒன்றொன்றாகப் பிதுக்கித் தோல் நீக்கிக்கொண்டிருந்தார்கள். கைக்கு வேலை இருந்தது. கண்ணைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. தந்தை பட்டறையில் இருந்தார். தாய் சொன்னது இவ்வளவுதான்:

“அப்பாவுக்குக் குடிநோய்னு ஒரு நோய் இருக்கு, கண்ணு. நாம பால் குடிக்கிறோம், தண்ணி குடிக்கிறோம், அதனால வர்றதில்ல. அப்பா குடிக்கிறது பிராந்தி. அதக் குடிச்சா அப்பாவோட மூளை சரியா வேலை செய்யாது. அதனாலதான் கத்துறாரு, சொன்னத மறந்துடறாரு. கொஞ்சம் குடிச்சதும் நிறுத்த அப்பாவால முடியல, அதுதான் அந்த நோய். இது உன்னால வந்ததில்ல. என்னாலயும் வந்ததில்ல.”

ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை. ஆறு வயதுக்கு இவ்வளவுதான் ஒரு தடவையில் கொள்ளும். மிச்சம் குழந்தையின் கேள்விகளிலிருந்து வர வேண்டும். சிறுமி நான்கைந்து கொட்டைகள் பிதுக்கும்வரை பேசவில்லை. பிறகு கேட்டாள்: “நான் குடிக்காதேன்னு சொன்னதாலதானே அப்பா விழுந்தாரு?”

“இல்ல. ரொம்ப வருஷமா தினமும் பிராந்தி குடிச்ச உடம்பு. அத டாக்டர் இல்லாம சட்டுனு நிறுத்தினா அந்த மாதிரி நடுக்கம் வரும், வலிப்பு வரும். அது எங்களுக்கே தெரியல. நீ சொன்ன வார்த்தைக்கு யாரையும் கீழ தள்ற சக்தி கிடையாது.”

“அப்ப கொஞ்சம் குடுத்தா சரியாயிடும்ல?”

இங்கே பொய் சொல்வது எளிது. தாய் சொல்லவில்லை. “அப்போதைக்கு நடுக்கம் நிக்கும். ஆனா நோய் இன்னும் பெருசாகும். அதனால டாக்டர் வேற மாத்திரை குடுத்திருக்காரு. அப்பாவுக்கு மருந்து குடுக்கறது டாக்டர் வேலை. அத சாப்பிடறது அப்பா வேலை. ரெண்டுமே உன் வேலை இல்ல.”

சிறுமி அடுத்துக் கேட்டதைத் தாயும் எதிர்பார்க்கவில்லை, பணியாளரும் எதிர்பார்த்திருக்கவில்லை. “அப்பா திரும்பக் குடிச்சா நான் செத்துடுவேனா?”

தலையில் கைவைத்த சத்தியத்தை மீறினால் அத்தலைக்குத் தீங்கு வரும் என்பது பெரியவர்களுக்கு ஒரு பேச்சுவழக்கு. சத்தியத்தின் கனத்தைக் காட்டச் செய்யும் சடங்கு. ஆறு வயதுக் குழந்தைக்கு அது உண்மை. ஏறத்தாழ மூன்று வாரமாக அவள் இரண்டு பயங்களுக்கு இடையில் இருந்திருக்கிறாள். தந்தை குடிக்காவிட்டால் அவர் விழுவார்; குடித்தால் தான் சாவாள். அந்த நிலையில்தான் அரிசி டிரம்மின் பின்னிருந்து பையை எடுத்துக்கொண்டுபோய் அவர் கையில் கொடுத்திருக்கிறாள்.

தாய் கையிலிருந்த கொட்டையைக் கீழே வைத்தாள். “இல்ல. சத்தியத்தால உனக்கு ஒண்ணும் ஆகாது. அப்பா குடிச்சாலும் ஆகாது, குடிக்காட்டியும் ஆகாது. உன் தலையில கை வெச்சது பெரியவங்க செஞ்ச தப்பு. இனிமே யாரும் அப்படிச் செய்ய விட மாட்டேன்” என்றாள். அன்று மாலையே பாட்டியிடமும் பேசினாள். “அத்தை, அவ செத்துடுவாளான்னு கேக்கறா” என்றாள். பாட்டி வெகுநேரம் பேசாமலிருந்து, பின் பேத்தியை அழைத்து, “நான் வெச்ச சத்தியத்த நானே எடுத்துட்டேன்” என்று அவள் தலையிலிருந்து எதையோ வழித்தெடுத்து வெளியே எறிவதுபோல் செய்தாள். சடங்கால் வந்த பயத்துக்குத் தாயின் விளக்கத்தோடு ஒரு சடங்கும் தேவைப்பட்டிருக்கிறது.

“அப்பா செத்துடுவாரா?” என்ற கேள்வி இரண்டு நாள் கழித்து வந்தது. மாட்டார் என்று உறுதி சொல்லக் கூடாது. அது யார் கையிலும் இல்லை. “இந்த நோய் பெருசானா உடம்பு ரொம்பக் கெட்டுப்போகும். அதனாலதான் ஆஸ்பத்திரிக்குப் போறோம். இப்போ அப்பா நடக்கறாரு, சாப்பிடறாரு, வேலைக்குப் போறாரு. என்ன ஆனாலும் உன்னப் பாத்துக்க நான் இருக்கேன், பாட்டி இருக்காங்க” என்றாள். குழந்தையின் கேள்விக்குள் எப்போதும் இருக்கும் மறுபாதி, ‘என்னை யார் பார்த்துக்கொள்வார்கள்’ என்பது. அந்தப் பாதிக்கு உறுதியான விடை சொல்ல முடியும். ஆகவே அதைச் சொல்ல வேண்டும்.

நோய் என்ற சொல்லுக்கு ஒரு வரம்பும் உண்டு. நோய் என்றதும் எல்லாவற்றையும் மன்னித்துவிட வேண்டும் என்ற பாரம் குழந்தைமேல் ஏறலாகாது. லால்பாக் பூங்காவுக்குக் கூட்டிச்செல்வதாகத் தந்தை ஒரு நாள் இரவு வாக்களித்திருந்தார்; காலையில் அப்படிச் சொன்னதே இல்லை என்றார். மிகுதியாகக் குடித்த வேளையில் மூளை நினைவைப் பதிவதையே நிறுத்திவிடுகிறது. அவர் நடந்தார், பேசினார், வாக்களித்தார், எதுவும் பதியவில்லை. “அப்பா பொய் சொல்லல, அவருக்கு நிஜமாவே ஞாபகம் இல்ல” என்பது உண்மை. ஆனால் அதோடு நிறுத்தினால் குழந்தையின் ஏமாற்றத்துக்கு இடமே இல்லாமல் போகும். தாய் தொடர்ந்து, “ஞாபகம் இல்லாட்டியும் உனக்குக் கஷ்டமா இருந்துச்சு. கோபம் வந்தா வரட்டும். அப்பாவப் பிடிக்கும், அப்பா குடிக்கிறது பிடிக்காது, ரெண்டும் ஒண்ணா இருக்கலாம்” என்றாள்.

தந்தைக்கும் இதில் பங்குண்டு. பணியாளர் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. குடிக்காத ஒரு காலைப் பொழுதில், அழாமல், மன்னிப்புக் கேட்காமல், புதிய சத்தியம் எதுவும் செய்யாமல், தாய் சொன்னதையே அவரும் ஒருமுறை சொல்ல வேண்டும். மன்னிப்புக் கேட்டால் குழந்தை தந்தையைத் தேற்ற வேண்டியதாகும். வாக்களித்தால் மீண்டும் காவல் காக்க வேண்டியதாகும். அவர் மகளைப் பள்ளிக்கு நடத்திச் செல்லும் வழியில் சொன்னார்: “அம்மா சொன்னது சரிதான்மா. எனக்கு அந்த நோய் இருக்கு. உன்னால இல்ல. டாக்டர்கிட்ட போயிட்டிருக்கேன்.” ஒரே வீட்டில் இரண்டு கதைகள் ஓடினால் குழந்தை இரண்டையும் நம்பாது, இருவரும் ஒன்றையே சொன்னபோதுதான் அது நிலைபெற்றது.

சொற்களுக்குப் பின் செய்ய வேண்டியவை மூன்றே மூன்றாக வகுக்கப்பட்டன. ஆறு வயதுக்கு அதற்கு மேல் நினைவில் நில்லாது. முதலாவது, அட்டைப் பை. வீட்டிலோ வண்டிப் பெட்டியிலோ எந்தப் பையைக் கண்டாலும், அது சாறுபோல் தெரிந்தாலும், தொடாமல் அம்மாவிடம் சொல்ல வேண்டும். 90 மில்லிப் பை ஒன்றில் உள்ள மது 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு உயிராபத்தானது. இரத்தச் சர்க்கரை சரிந்து நினைவிழக்கச் செய்யும். குழந்தை ஒரு மிடறு குடித்ததாகத் தெரிந்தாலும் வாந்தி எடுக்கவைக்க முயலாமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இரண்டாவது, வண்டி. தந்தையிடம் பிராந்தி வாடை அடித்தால் அவருடன் வண்டியில் ஏறக் கூடாது. “அவரு கோச்சுக்குவாரே” என்று சிறுமி கேட்டாள். எதிர்த்து நிற்பது ஆறு வயதின் வேலையாக இருக்கலாகாது என்பதால், பள்ளியில் தாயோ எதிர்வீட்டு அத்தையோ வந்தால் மட்டுமே அனுப்ப வேண்டும் என்று தாய் முன்பே எழுதிக் கொடுத்துவிட்டாள். மூன்றாவது, சத்தம் எழுந்தால் நடுவில் வராமல் நேரே எதிர்வீட்டு அத்தையிடம் போய்விடுவது. அந்த அத்தையிடமும் உள்ளதைச் சொல்லி வைத்தார்கள். இதனால் இன்னொன்றும் நடந்தது. “இத வெளிய சொல்லாதே” என்ற கட்டளை தானாகவே விலகிற்று. எல்லாரிடமும் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் அத்தையிடமும் வகுப்பு ஆசிரியையிடமும் பயந்தால் சொல்லலாம் என்று சிறுமிக்கு இரண்டு பேர் பெயர் சொல்லிக் காட்டப்பட்டது.

இனிக் குடிக்க மாட்டார் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. அது நல்லதாயிற்று. ஏழாவது வாரம் அவர் மீண்டும் குடித்தார். இந்நோயில் மீள்வீழ்ச்சி பெருவழக்கு. சிகிச்சை வீண் என்பதற்கு அது அடையாளமன்று. சிறுமி அன்றிரவு எதிர்வீட்டுக்குப் போனாள். “அப்பாவுக்குக் குடிநோய் திரும்ப வந்திருக்கு, அத்தை. நான் ஒண்ணும் பண்ணல” என்றாள். அன்றிரவு அழுதாள், உறங்கவும் செய்தாள். மறுநாள் தந்தை மருத்துவமனைக்குத் திரும்பப் போனார். விளக்கம் தந்தையின் குடியைத் தடுப்பதற்காகச் சொல்லப்பட்டதன்று. குழந்தை குடியைத் தன் செயலாகச் சுமக்காமல் இருப்பதற்காகச் சொல்லப்பட்டது. அந்த அளவில் அது பலித்திருக்கிறது.

பலிக்காதபோது அதை எப்படி அறிவது? குழந்தை மீண்டும் பாட்டிலைத் தேடத் தொடங்கும், அல்லது தந்தை வரும்வரை வாசலில் காத்திருக்கும். வயதுக்கு மீறிய நல்ல பிள்ளையாகி, எதையும் கேட்காது. காலையில் வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போக மறுக்கும். படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் திரும்பும். இவை தெரிந்தால் முன்னர்ச் சொன்னது பதியவில்லை, அல்லது புதியதொரு தவறான காரணத்தைக் குழந்தை கண்டுபிடித்திருக்கிறது என்று கொள்ளலாம். “ஏன் இப்படி ஆகுதுன்னு நீ நினைக்கறே?” என்று கேட்டு, அதன் விடையிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். பெரியவர்கள் பெரும்பாலும் குழப்புவதும் இங்கேதான். “நீ சொன்னா அப்பா கேப்பாரு” என்று தூது அனுப்புவதும், “இன்னிக்குக் குடிச்சாரா பாரு” என்று உளவு பார்க்கச் சொல்வதும், உன்னால் இல்லை என்று சொன்ன வாயால் உன்னால்தான் முடியும் என்று சொல்வதாகும்.

நான்கு வயதுக் குழந்தைக்கு மேற்சொன்ன விளக்கத்தில் மூன்று வாக்கியம் போதும்: அப்பாவுக்கு ஒரு நோய், உன்னால் இல்லை, உன்னை நான் பார்த்துக்கொள்வேன். ஒன்பது பத்து வயதில் மூளையும் உடற்பழக்கமும் விளக்கப்படலாம். தனக்கும் இந்நோய் வருமா என்ற கேள்வியும் அப்போது வரும். குடும்பத்தில் இருந்தால் வாய்ப்புக் கூடுதல், ஆனால் வந்தே தீரும் என்பதில்லை, குடிக்கத் தொடங்காதவருக்கு வரவே வராது என்பது அதற்கான உண்மை விடை.

இவை அனைத்தும் அடி உதை இல்லாத வீட்டுக்கே பொருந்தும். குழந்தைமேலோ தாய்மேலோ கை நீளும் வீட்டில் விளக்கம் பிறகு. வெளியேறும் வழிதான் முதலில். உடனடி ஆபத்துக்கு 112, குழந்தைகளுக்கு 1098, குடியை விட உதவி நாடுவோருக்கும் அவர்களுடைய குடும்பத்தினருக்கும் 14446. குழந்தைக்கு எண்களைக் கற்றுக்கொடுக்கும்போது, வீட்டைக் காட்டிக்கொடுப்பதாக அது எண்ணாதபடி, “பயந்தா கூப்பிடறதுக்கு” என்று மட்டும் சொல்லிக்கொடுக்கலாம். அந்தச் சிறுமியின் பள்ளிப் பையின் உட்புறத்தில், எதிர்வீட்டு அத்தையின் எண்ணுக்குக் கீழே, தாய் 1098 என்றும் எழுதி வைத்திருக்கிறாள்.